40 வீடுகள், கீழே இரண்டு தொட்டிகள், இரண்டிலும் கலவைக் குப்பை: பிரித்துப் போட வைப்பது எப்படி?

மூன்றாம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் 40 வீடுகள். சங்கத்தில் இந்த முறை குப்பைப் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன், யாரும் தள்ளிவிடவில்லை, ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என்று இரண்டு பெரிய தொட்டிகள் வைத்திருக்கிறோம். படம் போட்டு ஒட்டியாயிற்று, குழுவில் செய்தி அனுப்பியாயிற்று, கூட்டத்திலும் பேசியாயிற்று. முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இரண்டு தொட்டியைத் திறந்தாலும் ஒரே கதைதான், முடிச்சுப் போட்ட பைக்குள் காய்கறித் தோல், அதற்குள் டயப்பர், அதற்குள் உடைந்த கண்ணாடி. தூய்மைப் பணியாளர் கையை விட்டுப் பிரிக்கிறார், எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

பின்பக்கம் ஒரு சுவரோரமாக நல்ல இடம் இருக்கிறது, அங்கேயே உரம் போடலாம் என்பது என் எண்ணம். ஆனால் இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு உரம் எப்படிப் போடுவது? மக்களிடம் என்ன சொன்னால் கேட்பார்கள்? உங்கள் குடியிருப்பில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கறார்

அபராதம். வேறு எதுவும் வேலைக்கு ஆகாது. கலந்து போட்டால் அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூல் செய்யுங்கள், ஒரே மாதத்தில் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள். எங்கள் பகுதியில் வண்டியைத் தாறுமாறாக நிறுத்துகிற பழக்கம் அப்படித்தான் நின்றது.

மூன்றாம்மாடி

யாருக்குப் போடுவது? தொட்டியில் கிடக்கிற பையில் பெயரா எழுதியிருக்கிறது? வண்டியில் எண் இருக்கிறது, குப்பைப் பையில் இல்லையே.

சருகுமூட்டை

மூன்றாம்மாடி, உங்கள் பிரச்சினை இந்தப் பதிலிலேயே இருக்கிறது. யார் போட்டது என்று தெரியாத பொதுத் தொட்டி கீழே இருக்கிற வரை எவ்வளவு பேசினாலும், எத்தனை படம் ஒட்டினாலும் நீங்கள் சொன்ன அதே கதைதான் நடக்கும். நாற்பது வீட்டில் முப்பத்தைந்து வீடு ஒழுங்காகப் பிரித்தாலும் மீதி ஐந்து வீட்டுப் பைகள் போதும், தொட்டி முழுக்கக் கலவையாகிவிடும். அதைத் திறந்து பார்க்கிற ஒழுங்கான ஆள் "நான் மட்டும் ஏன் மெனக்கெடணும்" என்று அடுத்த வாரம் விட்டுவிடுவார். பெரும்பாலான இடங்களில் முயற்சி சரிகிறது இப்படித்தான், மக்களுக்கு அக்கறை இல்லாததால் அல்ல.

அதனால் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் தொட்டியை எடுங்கள். வீட்டு வாசலில் வைத்து வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூடி போட்ட ஒரு டப்பா, பத்து லிட்டர் கொள்ளளவு போதும், மேலே வீட்டு எண். காலையில் பணியாளர் வரும்போது மூடியைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் பெரிய வாளியில் கொட்டிக்கொண்டு காலி டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும். பை கூடாது. டப்பாவின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் ஈரம் ஒட்டாது, கழுவவும் சுலபம். பை இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, மொத்த ஏற்பாடும் அங்கேயே உடைந்துவிடும்.

கலந்திருந்தால் சண்டை வேண்டாம். டப்பாவைக் கொட்டாமல் அப்படியே விட்டுவிட்டு ஒரு சிறு சீட்டு வையுங்கள். "இன்று டப்பாவில் இருந்தது: ஒரு பிளாஸ்டிக் உறை. எடுத்துவிட்டு நாளை வையுங்கள், வாங்கிக்கொள்கிறோம்." அவ்வளவுதான் எழுத வேண்டும். சட்டம், சுற்றுச்சூழல், பூமி எதுவும் அந்தச் சீட்டில் வரக்கூடாது. ஒரு நாள் குப்பை வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தால் மறுநாள் அந்த வீட்டில் யாராவது ஒருவர் கவனிக்கத் தொடங்குவார். யாருக்குமே தன் வீட்டு வாசலில் நேற்றைய டப்பா நிரம்பி நிற்பதைப் பார்க்கப் பிடிக்காது.

பால்கனித்தோட்டம்

நான் ரொம்ப நாளாக இரண்டு மண்பானையில் வீட்டிலேயே உரம் போடுகிறேன். அடியில் ஓட்டை, நடுவில் காய்ந்த இலை, மேலே காய்கறித் தோல், அதற்கு மேல் மறுபடி இலை. ஒரு பானை நிரம்பியதும் அடுத்தது. வாசனையே வராது. எல்லா வீட்டுக்கும் இரண்டு பானை கொடுத்துவிட்டால் சங்கத்துக்கு வேலையே இல்லையே! படிப்படியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டும் என்றால் போடுகிறேன்.

மூன்றாம்மாடி

பால்கனித்தோட்டம், நன்றி, படங்களைப் போடுங்கள், ஆர்வமுள்ள வீடுகளுக்குக் காட்டுகிறேன். ஆனால் என் கேள்வி ஆர்வம் இல்லாத வீடுகளைப் பற்றியது.

சருகுமூட்டை

பானை முறை நல்லதுதான், தானாக விரும்பிச் செய்கிறவருக்கு. நாற்பது வீட்டில் ஐந்து வீடு செய்யும், மற்றவர் வீட்டில் ஈ மொய்க்கத் தொடங்கியதும் "உரம் போட்டாலே நாற்றம்தான்" என்ற பேச்சு கட்டடம் முழுக்கப் பரவிவிடும். அதற்கு அப்புறம் பொது உரக்கூடைக்கு இடம் கேட்டால் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

வாடகைக்குடி

நான் இரவுப் பணிக்குப் போகிறவன். காலையில் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் விழித்திருப்பதில்லை, எட்டு மணிக்கு மேல்தான் நான் வந்தே சேர்கிறேன். சமையலறையும் சின்னது, ஒரு டப்பாவுக்கே இடம் பார்க்க வேண்டும், நீங்கள் மூன்று நான்கு டப்பா சொல்வீர்கள் போலிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களைச் சங்கக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை, முடிவெடுத்துவிட்டுச் சீட்டு மட்டும் ஒட்டுகிறீர்கள். அப்புறம் "அந்த வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை" என்று பேச்சு. பொதுத் தொட்டியை எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் எங்கே போடுவது?

சருகுமூட்டை

வாடகைக்குடி சொல்வது முழுக்க நியாயம். இதற்கு விடை சொல்லாமல் தொட்டியை எடுத்தால் குப்பை மாடிப்படியின் திருப்பத்துக்கு வந்துவிடும்.

எண் போட்ட டப்பாவை இரவே வாசலில் வைத்துவிடலாம். மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும், சும்மா மேலே கவிழ்க்கிற மூடி என்றால் பூனையும் எறும்பும் விடாது. அது முடியாதவருக்குக் கீழே ஒரு அலமாரி வையுங்கள், டப்பாவோடு அங்கே வைத்துவிட்டுப் போகட்டும், திரும்பும்போது எடுத்துக்கொள்ளட்டும். ஆள் வாசலில் நிற்க வேண்டும் என்பது இல்லை, டப்பாவில் எண் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

டப்பா எண்ணிக்கையும் நீங்கள் பயப்படுகிற அளவு இல்லை. சமையலறையில் ஒரே ஒரு டப்பா, மக்கும் குப்பைக்கு. மக்காததற்கு ஒரு பழைய துணிப்பை போதும், கதவின் பின்னாலோ பால்கனியிலோ தொங்கும். நெகிழி டப்பாக்களை ஒரு முறை அலசிப் போட்டால் நான்கு நாள் இருந்தாலும் நாறாது. நாப்கின், டயப்பர் இருக்கிற வீட்டுக்கு மட்டும் குளியலறையில் மூன்றாவதாக ஒன்று.

கூட்டத்தைப் பற்றி ஒன்று. கூட்டத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் வீட்டின் உரிமையாளர், டப்பாவைத் தொடுகிறவர் வேறு ஆள். சமைக்கிறவர் யார், பாத்திரம் கழுவுகிறவர் யார், வீட்டு வேலைக்கு வருகிறவர் யார், அவர்களிடம்தான் பேச வேண்டும். மூன்றாம்மாடி, ஒரு நாளைக்கு ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், சமையல் முடிகிற நேரம் பார்த்துப் போங்கள், அவர்கள் டப்பாவையே திறந்து வைத்து, "இது எதில்? இது எதில்?" என்று கூடவே பிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எல்லோரும் தடுமாறுகிற இடங்கள் அங்கேதான் தெரியும்: தேயிலைப் பை, எண்ணெய் படிந்த அட்டை, முட்டை ஓடு, கைதுடைக்கும் தாள், முடி.

மூன்றாம்மாடி

இது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. இன்னொரு விஷயம், நான்கைந்து பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் கீழே எல்லாவற்றையும் ஒரே வண்டியில்தானே ஏற்றுகிறார்கள், பிறகு எதற்கு?" நான் பார்த்த வரை அது உண்மையும்கூட. இதற்கு என்ன சொல்வது?

சருகுமூட்டை

உண்மை என்றால் சொல்ல எதுவும் இல்லை, முதலில் மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இந்தச் சந்தேகம் இருக்கிற வரை யாரும் பிரிக்க மாட்டார்கள், பிரிக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

மக்காததை எடைக்கு எடுக்கிற ஒருவரிடம் முதலில் பேசி, எந்தெந்தப் பொருளை எடுப்பார், எதை எடுக்க மாட்டார், எந்த நாளில் வருவார் என்று கேட்டு வையுங்கள். பல அடுக்கு உறைகளையும் சாப்பாடு ஒட்டிய அட்டையையும் பலர் எடுப்பதில்லை, அதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர் முதல் முறை வந்து எடுத்துப் போகிறபோது எடைச்சீட்டைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். உரக்கூடைக்கும் அப்படியே, அதை ஒளித்து வைக்காதீர்கள், எல்லோரும் வந்து பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். "உங்கள் டப்பாவில் இருந்தது இங்கே வந்து சேர்ந்தது" என்று கண்ணால் பார்த்தவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சங்கக்கணக்கு

எங்கள் சங்கத்தில் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. மாடி மாடியாக ஏறி, மூடி திறந்து பார்த்து, சீட்டு வைத்து, கீழே வந்து கூடையில் கொட்டி, கிளறி, இவ்வளவையும் யார் செய்வது? இருக்கிற பணியாளரின் தலையில் கட்டினால் ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போவார், போனால் நியாயம். தினமும் எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு பெரிய கூடை வேண்டும், அந்தக் கணக்கைச் சொல்லாமல் "உரம் போடுவோம்" என்று தீர்மானம் போடாதீர்கள்.

சருகுமூட்டை

சரியான கேள்வி. 40 வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டுக்கு ஒரு நாளைக்கு மக்கும் குப்பை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை வரும், ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. மொத்தம் 25 கிலோ என்று வையுங்கள். தோலும் இலையுமாக இருப்பதால் அது சுமார் 50 லிட்டர் இடம் பிடிக்கும். அதே அளவு, அதாவது இன்னொரு 50 லிட்டர், நொறுக்கிய காய்ந்த இலை சேர்க்க வேண்டும். எடையில் சமம் அல்ல, அளவில் சமம். ஒரு வாளி குப்பைக்கு ஒரு வாளி சருகு, பணியாளரிடம் இப்படிச் சொன்னால் போதும். ஒரு வாரத்துக்கு இரண்டும் சேர்த்து 700 லிட்டர். கொட்டக் கொட்ட அமுங்கும், அதனால் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கம்பிவலைக் கூடை ஒன்றில் ஒரு வாரக் குப்பை தாராளமாக அடங்கும். வலைக் கண் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும், எலிக்காகச் சொல்கிறேன். அடியிலும் வலை போடுங்கள்.

இப்படி நான்கு கூடை. வாரத்துக்கு ஒன்று நிரப்புங்கள். நான்காவது நிரம்புகிறபோது முதல் கூடையில் இருப்பது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். அதை எடுத்து ஒரு மூலையில் குவித்து இன்னொரு மாதம் ஆறவிடுங்கள், காலியான கூடை ஐந்தாவது வாரத்துக்கு. ஒரு மீட்டர் என்று ஏன் சொல்கிறேன் என்றால் குவியல் சிறிதாக இருந்தால் சூடு தங்காது. நன்றாக அமைந்த கூடையின் நடுவில் இரண்டு மூன்று நாளில் 55 டிகிரி வரை ஏறும், அந்தச் சூட்டில்தான் விதைகளும் கிருமிகளும் சாகும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள், கையில் நீண்ட நேரம் வைத்திருக்க முடியாத சூடு இருக்க வேண்டும்.

நேரம்: வாங்கிவர ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல், கலந்து கொட்ட அரை மணி. கிளறுவது வாரம் ஒரு முறை, அதற்குத் தனியாக ஒரு மணி நேரம். இது கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். முழங்கை வரை வரும் தடித்த கையுறை, முகமூடி, மண்வெட்டி, நீளப் பிடி உள்ள முட்கரண்டி, கை கழுவக் குழாயும் சோப்பும். இதற்குப் பணம் ஒதுக்க மனம் இல்லாத சங்கம் தொடங்காமல் இருப்பது நல்லது.

கறார்

உரத்தை விற்றால் இந்தச் செலவு வந்துவிடாதா?

சங்கக்கணக்கு

நாற்பது வீட்டு உரத்தில் ஒரு சம்பளம் எடுக்க முடியாது. அதை நம்பி வரவுசெலவு போட வேண்டாம். தோட்டத்துக்கும் வீட்டுத் தொட்டிகளுக்கும் போனால் அதுவே நிறைவு.

பால்கனித்தோட்டம்

சருகு எங்கிருந்து வரும்? எங்கள் கட்டடத்தில் மரமே இல்லை. எனக்கே சில மாதம் இலைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

சருகுமூட்டை

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி, பால்கனித்தோட்டத்துக்கு நன்றி. உரம் போடுகிற குடியிருப்புகள் நின்றுபோவதற்குக் குப்பை காரணம் இல்லை, சருகு தீர்ந்துபோவதுதான் காரணம். இலை கொட்டுகிற பருவத்தில் பக்கத்துப் பூங்கா, தெரு, பள்ளி வளாகம் என்று எங்கே பெருக்கினாலும் கேட்டு வாங்கி மூட்டை கட்டி வையுங்கள். மேலே சொன்ன கணக்குக்கு வாரம் ஆறேழு மூட்டை செலவாகும். தட்டுப்பாடு வந்தால் கிழித்த அட்டை, மரத்தூள் சேர்க்கலாம். மரத்தூள் மட்டும் போட்டால் அமுங்கி இறுகிக் காற்றுப் போகாது, பாதிக்கு மேல் வேண்டாம். சாயம் பூசிய அல்லது பூச்சிமருந்து ஏற்றிய மரத்தின் தூள் வேண்டவே வேண்டாம். எட்டு வாரச் சருகு கையில் இல்லாமல் முதல் கூடையைத் தொடங்காதீர்கள்.

மூன்றாம்மாடி

சரி, நான் புரிந்துகொண்டதை வாராந்தர அட்டவணையாக எழுதிப் பார்த்தேன். இதைத்தான் வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

தினமும் காலை 7 முதல் 8 வரை: மக்கும் டப்பா வாசலில், பை இல்லாமல். முடியாதவர்கள் இரவே வைக்கலாம், அல்லது கீழ் அலமாரியில்.
தினமும் அதே நேரம்: நாப்கின், டயப்பர், காயத்துணி இருந்தால் தாளில் சுற்றி, மேலே குறி போட்டுத் தனியாக.
புதன், சனி: தாள், அட்டை, நெகிழி, உலோகம், கண்ணாடி. அலசிக் காயவைத்து ஒரே பையில். உடைந்த கண்ணாடி, பிளேடு மட்டும் அட்டையில் சுற்றி எழுதி வைக்க வேண்டும்.
மாதத்தின் முதல் சனி: பேட்டரி, பல்பு, பழைய மின்கம்பி, காலாவதி மருந்து.
ஞாயிறு காலை: உரக்கூடை கிளறும் நேரம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வாடகைக்குடி

இது என்னாலும் முடியும். குளிர்பெட்டியில் ஒட்டுகிற அளவுக்குச் சின்னதாக அச்சடித்துக் கொடுங்கள். "மக்காத", "மறுசுழற்சி" என்றெல்லாம் எழுதுவதற்குப் பதில் புதன் சனிக்கு எதிரே பொருள்களின் படத்தைப் போடுங்கள்.

சருகுமூட்டை

அட்டவணை நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. சமைத்த மிச்சத்தை நீர் வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், குழம்பும் ரசமுமாகக் கொட்டினால் கூடை இரண்டே நாளில் சேறாகும். இறைச்சி, எலும்பு, பெரிய அளவு எண்ணெய் தொடக்கத்தில் வேண்டாம், கூடை நிலையாகச் சூடேறுவது பழகிய பிறகு நடுவில் புதைத்துப் பார்க்கலாம். இன்னொன்று, மக்கும் என்று அச்சடித்த பைகளும் வேண்டாம். அவற்றில் பல, பெரிய ஆலைகளில் நீண்ட நாள் நிற்கும் சூட்டில்தான் கரையும், உங்கள் கூடையில் அப்படியே கிடக்கும். மூடி திறந்து பார்ப்பவருக்கு எது எந்தப் பை என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது.

எல்லா மாடியிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஆர்வமுள்ள ஒரு மாடியில் தொடங்கி, பத்து டப்பாவில் எட்டு சுத்தமாக வருகிற நிலை ஒரு வாரம் நின்ற பிறகு அடுத்த மாடி. இது என் அனுபவக் கணக்குதான். கடைசி மாடி சேர்கிற அன்று பொதுத் தொட்டியை எடுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

மூன்றாம்மாடி

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன். எல்லா மாடியும் சேர்ந்தாயிற்று, தொட்டியும் போயாயிற்று. இப்போது 40 வீட்டில் 33 வீட்டு டப்பா பெரும்பாலும் சுத்தமாக வருகிறது. டப்பாவைத் திருப்பி வைப்பதில் முதல் வாரம் கோபம் வந்தது, ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அதே வீடு இப்போது ஒழுங்காகப் பிரிக்கிறது.

ஆனால் மூன்றாவது கூடை நாறுகிறது. அழுகிய முட்டை நாற்றம். மேலே கொசுவைப் போலச் சின்ன ஈக்கள், உள்ளே வெள்ளையும் பழுப்புமாகப் பருத்த புழுக்கள். முதல் மாடியில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்கிறார்கள். சங்கத்தில் இன்னும் இரண்டு நாளில் சரியாகவில்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

கறார்

புழு வந்துவிட்டால் அந்தக் கூடை கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். பூச்சிமருந்து அடித்து, மொத்தத்தையும் அள்ளிக் குப்பை வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

சருகுமூட்டை

மருந்து வேண்டவே வேண்டாம். அந்த உரம் அப்புறம் செடிகளுக்குத்தான் போகும். பருத்த புழுக்கள் பெரும்பாலும் படைவீரர் ஈயின் புழுக்கள், அவை கழிவைத் தின்று தீர்க்கும், மனிதரைக் கடிக்காது, நோய் பரப்பாது. ஆனால் கறார் சொன்னதில் பாதி சரி, அவை இவ்வளவு வந்திருக்கிறது என்றால் கூடை மிகவும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். முட்டை நாற்றமும் அதையேதான் சொல்கிறது, உள்ளே காற்று இல்லை.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் அளவு. தாரையாக வடிந்தால் அதிகம். சருகு போடுவது குறைந்துவிட்டதா?

மூன்றாம்மாடி

பிழிந்தேன், ஒழுகுகிறது. பணியாளரிடம் கேட்டேன், சருகு மூட்டை தீரப் போகிறது என்று ஒரு வாளிக்கு அரை வாளியாகப் போட்டிருக்கிறார். யாரும் அவருக்கு மாற்று என்ன என்று சொல்லி வைக்கவில்லை.

சருகுமூட்டை

அப்படியென்றால் சரி செய்யலாம், இன்றே செய்யுங்கள். தார்ப்பாயை விரித்துக் கூடை முழுவதையும் அதில் கொட்டுங்கள். அட்டைப் பெட்டி எவ்வளவு கிடைத்தாலும் கிழித்து, மீதமுள்ள சருகோடு சேர்த்துக் கலந்து மறுபடி நிரப்புங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு விரல் கனமுள்ள குச்சிகள், காற்றுப் போவதற்கு. மேலே இரண்டு அங்குலம் சருகோ ஆறிய பழைய உரமோ மூடியாக. தினமும் கொட்டிய பிறகு இந்த மூடி இருந்தே ஆக வேண்டும், சின்ன ஈக்கள் பழத்தோல் வெளியே தெரிவதால்தான் வருகின்றன. கொட்டிக் கலக்கும்போது நாற்றம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், முதல் மாடிக்காரர்களிடம் நேரம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு நாள் இரண்டு நாளில் முட்டை நாற்றம் போய்விடும்.

அதன் பிறகு மூக்கைத் துளைக்கிற காரமான நெடி வந்தால் அது வேறு, அதற்கும் இன்னும் கொஞ்சம் சருகுதான். நாற்றமே இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது, கிளறி நீர் தெளிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கூடைப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள், பணியாளர் உங்களைக் கேட்காமல் தானே முடிவெடுக்க முடியும்.

மூன்றாம்மாடி

நாற்றம் போய்விட்டது. அட்டையில் எழுதியதை அவரே இன்னும் எளிதாக மாற்றிச் சொன்னார், அதையே எழுதி மாட்டியிருக்கிறோம். முதல் மாடியில் கோபப்பட்டவர் தன் அலுவலகத்திலிருந்து அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து தருகிறார். முதல் கூடை உரம் ஆறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கிறது.

சருகுமூட்டை

நிறத்தை நம்பாதீர்கள். ஈரமான ஒரு கைப்பிடியைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். திறக்கும்போது மண் வாசனை வந்தால் தயார், புளித்த வாடையோ நெடியோ வந்தால் இன்னும் சில வாரம். ஆறாத உரத்தை அவசரப்பட்டுக் கொடுத்தால் செடி வாடும், கொடுத்த வீடு அதைத்தான் எல்லோரிடமும் சொல்லும்.

சங்கக்கணக்கு

மீதி ஏழு வீட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

மூன்றாம்மாடி

மூன்று வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எழுத்து தெரியவில்லை, பழக்கமும் மாறவில்லை. அந்த மூன்று வீட்டுக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். இரண்டு வீட்டில் அடிக்கடி ஆள் மாறுகிறது. மீதி இரண்டு வீடு வேண்டுமென்றேதான், "பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறேன், அதில் குப்பையும் அடக்கம்" என்கிறார்கள்.

கறார்

அந்த இரண்டுக்காவது அபராதம் போடுங்கள். இப்போதுதான் டப்பாவில் எண் இருக்கிறதே. பெயரைக் குழுவிலும் போடுங்கள்.

வாடகைக்குடி

பெயரைப் போடாதீர்கள். ஒருமுறை பெயர் வெளியே வந்துவிட்டால் பிறகு அது குப்பைப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை, அவர் சாகும்வரை பிரிக்க மாட்டார். மாடிவாரியாக எத்தனை டப்பா சுத்தம் என்று மட்டும் போடலாம்.

சருகுமூட்டை

அபராதத்தில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. சில குடியிருப்புகளில் கடைசி ஒன்றிரண்டு வீடுகள் அதனால்தான் வழிக்கு வந்தன. வேறு சில இடங்களில் "பணம் கட்டிவிட்டேன், இனி கலந்து போடுவேன்" என்று உரிமையாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் சங்க விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவரை அந்த இரண்டு டப்பாவையும் கொட்டாமல் வைத்துக்கொண்டே இருங்கள், ஆனால் சீட்டு தினமும் ஒரே மரியாதையோடு இருக்கட்டும்.

சங்கக்கணக்கு

கொட்டாமல் விட்டால் அவர்கள் பையைத் தெருமுனையில் போடுவார்கள், அது இன்னும் மோசம். என் யோசனை, அந்த இரண்டு வீட்டுக் குப்பையைக் கலவையாகவே தனியாக வாங்கி அனுப்புங்கள். 38 வீட்டுக் கூடை கெடாமல் இருப்பதுதான் முக்கியம்.

மூன்றாம்மாடி

இரண்டையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன், இந்த முறை வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். இன்னொரு கேள்வி: மழைக்காலம் வருகிறது, சருகு மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன, வண்டி நிறுத்துமிடத்தில் வைக்க இடம் தர மாட்டேன் என்கிறார்கள்.

பால்கனித்தோட்டம்

எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில் வைக்கிறோம், ஆனால் தீ பிடிக்குமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

சருகுமூட்டை

அந்தப் பயம் நியாயமானது, படிக்கட்டின் அடியில் வைக்கவே கூடாது, தப்பிக்கிற வழி அது. மின்பெட்டி இருக்கிற சுவரும் வேண்டாம். கூடைகளுக்குப் பக்கத்திலேயே இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு மூட்டைகளை வையுங்கள். மேலே தார்ப்பாய், பக்கங்கள் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கூடைகளுக்கும் மேலே ஒரு சாய்வுக் கூரை போடுங்கள், மழைநீர் நேராக உள்ளே இறங்கினால் மூன்றாவது கூடைக்கு நடந்தது நான்குக்கும் நடக்கும்.